மையத்தை நம்பாத கணக்கு

நியூட்டன் வளையங்கள் சோதனைக்கு வரும் மாணவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "ஏன் சார், முதல் வளையத்தை அளந்தாலே ஆரம் வந்துவிடுமே? எதற்கு இருபதாவது வளையம் வரை போகவேண்டும்?" சூத்திரத்தைப் பார்த்தால் அவர்கள் கேட்பது நியாயம். ஆய்வகத்தில் முடி நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: சோதனையின் உயிரே இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

தட்டையான கண்ணாடித் தகட்டின் மேல், ஒரு பக்கம் மட்டும் குவிந்த வில்லையைக் குவிந்த பக்கம் கீழே இருக்கும்படி வைக்கிறோம். நடுவில் இரண்டும் தொடுகின்றன. அங்கிருந்து விலக விலக, இடையில் அகப்பட்ட காற்று ஏடு தடித்துக்கொண்டே போகிறது. சோடியம் விளக்கை ஏற்றியதும் முதலில் இளஞ்சிவப்பாக எரியும். அது முழு மஞ்சளுக்கு வரும்வரை பொறுத்திருக்கவேண்டும். அந்த ஒளி 45 டிகிரி சாய்த்த கண்ணாடியில் பட்டுக் கீழே இறங்குகிறது. வில்லையின் அடிப்பரப்பில் ஒரு பகுதியும், தகட்டின் மேற்பரப்பில் ஒரு பகுதியும் எதிரொளித்து மேலே வந்து ஒன்றோடொன்று சேர்கின்றன. காற்று ஏட்டின் தடிமன் அரை அலைநீளம் கூடுகிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு கருவளையம் விழுகிறது.

கண்ணாடிகள் தொடும் மையமும் கருப்பாகத்தான் இருக்கும். அங்கே காற்று ஏடே இல்லையே, வெளிச்சமாக அல்லவா இருக்கவேண்டும் என்று தோன்றும். காற்றிலிருந்து கண்ணாடியில் மோதித் திரும்பும் அலை அரை அலைநீளம் புரண்டு வருகிறது. கண்ணாடியிலிருந்து காற்றில் மோதித் திரும்புவது அப்படிப் புரள்வதில்லை. அதனால் மையத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இதை விளக்கியவர் தாமஸ் யங். நியூட்டன் தம் 'ஆப்டிக்ஸ்' நூலில் 1704லேயே கருவளையங்களின் விட்டத்தை வர்க்கப்படுத்தினால் இரட்டைப்படை எண்களாகவும், ஒளிவளையங்களுடையதை வர்க்கப்படுத்தினால் ஒற்றைப்படை எண்களாகவும் ஏறுகின்றன என்று அளந்து எழுதிவிட்டார். ஒளி அலை என்பதை ஏற்காதவர், ஒளி அலை என்பதற்கு இவ்வளவு நல்ல சாட்சியைத் தம் கையாலேயே அளந்து வைத்துவிட்டுப் போனார்!

ஏன் வர்க்கம்? மையத்திலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப்போனால் காற்று ஏடு நான்கு மடங்கு தடிக்கிறது. அதனால் வளையங்கள் வெளியே போகப்போக நெருங்கிக்கொண்டே போகும். விட்டத்தை வர்க்கப்படுத்திப் பார்த்தால் நெருக்கம் மறைந்து, வளையத்துக்கு வளையம் ஒரே அளவு கூடும். அந்த அளவு, அலைநீளத்தையும் வளைவு ஆரத்தையும் பெருக்கி நான்கு மடங்காக்கியது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வில்லையின் உண்மையான ஆரம் 100 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சோடியத்தின் அலைநீளம் 0.00005893 செ.மீ. வில்லையை எவ்வளவு துடைத்தாலும் நடுவில் ஒரு தூசி உட்கார்ந்துவிட்டது. அது வில்லையை 0.00005 செ.மீ. மட்டும் தூக்கிப் பிடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உயரம். ஆனால் ஏறக்குறைய ஓர் அலைநீள உயரம். அந்த இடைவெளியில் மையம் கருக்காது, வெளிறிய மஞ்சளாக இருக்கும். மாணவர் கண்ணில் முதலில் படும் கருவளையத்தை ஒன்று என்று எண்ணத் தொடங்குகிறார். ஐந்தாம் வளையத்தின் விட்டம் 0.318 செ.மீ., பதினைந்தாம் வளையத்தின் விட்டம் 0.581 செ.மீ. என்று அளக்கிறார்.

ஐந்தாம் வளையத்தை மட்டும் நம்பினால் ஆரம் 85.8 செ.மீ. வருகிறது. பதினைந்தை மட்டும் நம்பினால் 95.5. ஒரே வில்லைக்கு இரண்டு ஆரங்கள். எங்கோ கோளாறு என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். இப்போது இரண்டு வர்க்கங்களையும் கழித்துப் பாருங்கள்.

R = (D₁₅² − D₅²) / (4 × 10 × λ) = (0.3376 − 0.1011) / 0.002357 ≈ 100.3 செ.மீ.

தூசி அப்படியேதான் இருக்கிறது. விடையில் மட்டும் இல்லை. தூசியால் எல்லா வளையங்களின் வர்க்கத்திலும் ஒரே தொகை குறைகிறது. கழிக்கும்போது அது போய்விடுகிறது. செருப்போடு நிறுத்திப் பேரனின் உயரத்தைச் சுவரில் குறித்தால் உயரம் தவறாகத்தான் இருக்கும். அடுத்த ஆண்டும் அதே செருப்போடு குறித்தால், எவ்வளவு வளர்ந்தான் என்பது சரியாக வந்துவிடும். அந்த மாதிரிதான். முதல் வளையம் உண்மையில் எத்தனையாவது என்றுகூட நமக்குத் தெரியவேண்டியதில்லை. ஐந்துக்கும் பதினைந்துக்கும் நடுவே பத்து என்பது தெரிந்தால் போதும்.

எனக்கு இதைவிடப் பிடித்த இன்னொன்று உண்டு. நுண்ணோக்கியின் குறுக்குக்கம்பி சரியாக மையத்தின் வழியே போகிறதா என்று மாணவர்கள் பதறுவார்கள். கொஞ்சம் மேலேயோ கீழேயோ தள்ளிப் போனால் நாம் அளப்பது விட்டம் அல்ல, ஒரு நாண். நாணின் வர்க்கம், விட்டத்தின் வர்க்கத்தைவிடக் குறைவு. ஆனால் எல்லா வளையங்களுக்கும் அதே அளவுதான் குறைவு. விலகிய தூரத்தை வர்க்கப்படுத்தி நான்கால் பெருக்கினால் அது கிடைக்கும். கழித்தால் இதுவும் போய்விடும். வர்க்கங்களைக் கழிப்பது தூசியை மன்னிக்கிறது, கோணலான பாதையையும் மன்னிக்கிறது. வயதானபின் எனக்கு இதில் தோன்றுவது: எந்தப் பிழை தானே கழிந்துபோகும், எது கழியாது என்று பிரித்தறிந்தவருக்குப் பாதிக் கவலை மிச்சம்.

கழியாத பிழையும் இருக்கிறது. நுண்ணோக்கியை நகர்த்தும் திருகைத் திசைமாற்றிச் சுழற்றினால், மரைகளுக்கு நடுவே உள்ள தளர்வு தீரும்வரை அளவுகோல் நகரும், குறுக்குக்கம்பி நகராது. பேக்லாஷ் என்போமே, அதுதான். இதனால் ஒவ்வொரு விட்டமும் 0.005 செ.மீ. கூடிப்போனது என்று வைத்துக்கொண்டால், கூடியது விட்டத்தில், வர்க்கத்தில் அல்ல. பெரிய வளையத்தின் வர்க்கம் அதிகமாகவும் சிறியதன் வர்க்கம் குறைவாகவும் வீங்கும். கழித்தாலும் மிச்சம் நிற்கும். நம் கணக்கில் ஆரம் ஒரு செ.மீ.க்கு மேல் தவறிவிடும். அதனால்தான் இடப்பக்கம் இருபதாவது வளையத்தையும் தாண்டிப் போய், அங்கிருந்து ஒரே திசையில் திருகிக்கொண்டே மையத்தைக் கடந்து வலப்பக்கம் இருபது வரை வரச்சொல்கிறோம். நடுவில் ஒரு வளையம் தவறிப்போனால் இரண்டடி பின்னால் வந்து பிடித்துக்கொள்ளலாம் என்ற ஆசை வரும். கூடாது. மறுபடி தொடக்கத்திலிருந்துதான்.

எல்லா வளையங்களையும் அளந்தபின் விட்டத்தின் வர்க்கத்தை வளைய எண்ணுக்கு எதிராக வரைபடத்தாளில் குறியுங்கள். நேர்கோடு வந்தால், அதன் சாய்வை அலைநீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் ஆரம். கோடு ஆதிப்புள்ளி வழியே போகவில்லை என்று யாரும் வருந்தவேண்டாம். அது தூசியின் கணக்கு. தொடக்கத்தில் மட்டும் கோடு வளைந்து பிறகு நேராகிறது என்றால், வில்லையைப் பிடித்திருக்கும் திருகுகளை இறுக்கிவிட்டோம், தொடும் இடத்தில் கண்ணாடி சற்றே தட்டையாகிவிட்டது என்று பொருள். திருகைத் தளர்த்துங்கள், அல்லது முதல் நான்கைந்து வளையங்களை விட்டுவிடுங்கள். கடைசிவரை கோடு வளைந்துகொண்டே போனால் முதலில் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். அது சரியாக இருந்தால், வில்லையின் பரப்போ தகட்டின் பரப்போ ஒழுங்காகத் தீட்டப்படவில்லை. அந்த வில்லைக்கு ஒரே ஓர் ஆரத்தை எழுதச் சொல்லி மாணவரை வற்புறுத்துவதில் பயனில்லை. வேறு வில்லையை எடுத்துக் கொடுக்கவேண்டியதுதான்.