பதினெட்டு செக்கன்

ஒக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி லீவு முடிந்து கந்தோருக்குள் நுழைந்ததும் மேசையில் பட்டியல் கிடந்தது. நீண்டகாலச் சேவை விருது இரவு, நவம்பர் 8 சனிக்கிழமை, பேராதனை வீதியில் உள்ள மண்டபம். பெறுபவர்கள் 34 பேர். பத்து வருடக்காரர் 16, இருபது வருடம் 11, முப்பது வருடம் 7. இந்த முறை தமிழ் அறிவிப்பை நான் செய்யவேண்டும். சிங்களத்துக்குக் கணக்குப் பிரிவுத் தம்பி.

போன வருடம் நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். விருது தொடங்கவே எட்டேகால் ஆகிவிட்டது. சாப்பாடு பத்து மணிக்கு. கலஹா, தெல்தோட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு பஸ் இல்லை. கையில் கேடயத்தை வைத்துக்கொண்டு ஒரு அக்கா வாசலில் யாராவது வாகனம் தருவார்களா என்று நின்றது மறக்கவில்லை. முதலில் எழுதவேண்டியது வாழ்த்து வசனம் இல்லை, நேரக்கணக்கு.

ஒக்டோபர் 22, புதன்

மத்தியானம் மண்டபத்துக்குப் போய், ஏழாவது வரிசைக் கதிரையிலிருந்து மேடைக்கு நடந்து பார்த்தேன். சாதாரண நடையில் 18 செக்கன். தம்பி நடந்தான், அவனுக்கு 14. சேலை கட்டியவர்கள் படியில் நிதானமாகத்தான் ஏறுவார்கள். 18 என்றே வைத்துக்கொண்டேன். கைகுலுக்கி, விருதை வாங்கி, போட்டோவுக்கு நிற்க 12. இறங்கும்போது அடுத்தவர் பெயரைக் கூப்பிட ஒரு மூச்சு. ஆக ஒருவருக்கு ஏறக்குறைய 40 செக்கன்.

எனக்குக் கிடைத்த இடம் அந்தப் 18 செக்கன்தான். பெயரைச் சொன்னதும் அவர் எழும்புவார். அவர் நடக்கும்போதே நான் வாசிக்கவேண்டும். கேடயம் கைக்கு வரும்போது வாய் மூடியிருக்கவேண்டும். கைதட்டலுக்கு மேல் பேசினால் இரண்டும் கேட்காது. சத்தம்போட்டு வாசித்துப் பார்த்ததில் என் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 90 சொல். 18 செக்கனில் 27 சொல் போகும். 34 பேருக்கும் அதுதான் உச்சம்.

போன வருடம் ஏன் நீண்டது என்பதும் இதில் தெரிந்தது. ஒவ்வொருவரைப் பற்றியும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் சொன்னார்கள். நடந்து வந்தவர் மேடையில் சும்மா நின்றுகொண்டிருக்க, அவருடைய வரலாறு மூன்றாம் தடவை ஓடியது. இப்படிச் செய்தால் ஒருவருக்கு 70 செக்கன், மொத்தம் 40 நிமிடம். இந்த முறை யாருடைய மொழியோ அந்த மொழியில் மட்டும் வாசிக்கிறோம். பெயர், பிரிவு, சேர்ந்த வருடம் மூன்றும் திரையில் மூன்று மொழியிலும் இருக்கும். தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி அக்கா, ஆனா பேரை மட்டும் நாம ரெண்டு பேரும் பிழையில்லாமச் சொல்லப் பழகுவம்” என்றான். அரை மணித்தியாலம் அதற்கே போனது. அவன் ழகரத்துடன் போராடினான். நான் சிங்கள வாசகம பெயர்களை எங்கே பிரிப்பது என்று படித்தேன்.

ஒக்டோபர் 24, வெள்ளி

பிரிவுத் தலைவர்கள் அனுப்பிய குறிப்புகள் வந்தன. அயராத உழைப்பு, அர்ப்பணிப்பு, நிறுவனத்தின் தூண், இன்முகம். முப்பத்துநான்கில் பதினொன்றில் ‘தூண்’ இருக்கிறது. பெயரை விரலால் மறைத்துவிட்டு வாசித்தேன். மிச்ச வசனம் அடுத்தவருக்கும் பொருந்தினால் அதை வெட்டினேன். பெரும்பாலும் வெறும் தாள்தான் மிஞ்சியது.

‘நேரத்தின் அருமை கருதி’, ‘இந்த இனிய மாலைப் பொழுதிலே’ இரண்டையும் என் பக்கத்திலிருந்தும் எடுத்தாயிற்று. முதலாவதைச் சொல்லவே இரண்டு செக்கன் வேண்டும்.

பிறகு தலைவர்களை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்களிடம் போனேன். ஒரே கேள்வி: “அவர் லீவு போட்ட அன்றைக்கு என்ன நடக்கும்?” சல்லடைப் பகுதியில் ஒரு அக்காவைப் பற்றிக் கேட்டதும், “மெஷின் சத்தம் மாறினா அவங்கதான் முதல்ல நிறுத்துவாங்க, பெல்ட் அறுகிறதுக்கு முன்னாலயே” என்றார்கள். இருபத்தேழு சொல்லுக்கு இது போதும்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

மகியாவை மயானத்துக்குப் போனேன். ஜேம்ஸ் டெய்லரின் கல்லறையைப் பார்க்கவேண்டும் என்று பல காலம் நினைத்திருந்தேன். 1852இல் பதின்ம வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்து, லூல்கந்துரவில் நாற்பது வருடம் இருந்துவிட்டவர். 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இந்த நாட்டில் வணிகத்துக்கான தேயிலை அதிலிருந்துதான் தொடங்குகிறது. கடைசிக் காலத்தில் தோட்டத்துரைமார் சங்கம் அவருக்கு வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்கள் கொடுத்துக் கௌரவித்தது. மலைநாட்டுத் தேயிலையின் முதல் நீண்டகாலச் சேவை விருது என்று நான் அதைத்தான் சொல்வேன். பிறகு முதலாளிகளே அவரைத் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். போக மறுத்து, 1892 மே 2ஆம் திகதி அங்கேயே வயிற்றுக்கடுப்பில் இறந்தார்.

கல்லில் தோட்டத்தின் பெயர், தேயிலை, சிங்கோனா, இறந்த நாள். ஆள் யார், எங்கே, என்ன செய்தார் என்பது சில வரியில் தெரிந்துவிடுகிறது. என் அட்டைகளும் இப்படி இருக்கவேண்டும்.

பாரமான அந்த உடம்பை லூல்கந்துரவிலிருந்து கண்டி வரை 24 தொழிலாளர்கள் இரண்டு குழுவாக மாறி மாறிச் சுமந்தார்கள் என்பது பதிவில் உண்டு. அந்த 24 பேரில் ஒருவருடைய பெயரையும் நான் எங்கும் வாசித்ததில்லை. பஸ்ஸில் திரும்பும்போது பத்து வருடக்காரரைப் பற்றி ஒரு முடிவு எடுத்தேன். நேரம் மிச்சமாகும், 16 பேரையும் மொத்தமாகக் கூப்பிடுவோம் என்று முகாமையாளர் சொல்லியிருந்தார். நாலு நாலு பேராக மேடையேற்றலாம், போட்டோ நாலு பேருக்கும் ஒன்று. ஆனால் ஒவ்வொரு பெயரும் தனியாக, ஒவ்வொன்றுக்கும் தன் சொந்த வசனத்தோடு. நாலு பேருக்கு 72 செக்கன், போட்டோவுக்கு 18, ஆக ஒன்றரை நிமிடம். நாலு தடவைக்கு ஆறு நிமிடம். அதைக் கொடுக்க முடியும்.

ஒக்டோபர் 29, புதன்

லொறிச் சாரதி ஒருவருடைய அட்டை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 2022இல் டீசல் வரிசையில் இரண்டு இரவு லொறியிலேயே கிடந்து, ஏலத்துக்குப் போகவேண்டிய தேயிலையைக் கொழும்பில் சேர்த்த கதை. எழுதியதை அவருக்கே போனில் வாசித்தேன். கொஞ்சநேரம் பேசவில்லை. “அந்த ரெண்டு நாளும் வீட்டில ஆள் ஆஸ்பத்திரியில, புள்ள. அது வேணாம்” என்றார். அட்டையைக் கிழித்தேன். வேறு என்ன சொல்லலாம் என்று கேட்டதற்கு, கடுகண்ணாவை ஏற்றத்தில் இருபது வருடமாக ஒரு பெட்டியும் நனையவில்லை என்றார். அதையே எழுதினேன். இனி 34 அட்டையையும் உரியவருக்கு வாசித்துக் காட்டாமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை.

அப்படி வாசித்துக் காட்டியதில் ஒரு பிழையும் அகப்பட்டது. வாட்டும் மாடி மேற்பார்வையாளர் முப்பது வருடப் பட்டியலில் இருந்தார். வாசித்ததும், “எனக்கு நாற்பது புள்ள” என்றார். கம்பியூட்டரில் அவர் சேர்ந்த வருடம் 1992. அது தோட்டங்களை அரசாங்கம் கம்பனிகளின் நிர்வாகத்துக்குக் கொடுத்த வருடம். புதிய கோப்பு திறந்த நாளையே சேர்ந்த நாளாகப் பதிந்திருக்கிறார்கள். அதே ஸ்டோர், அதே மாடி, அதே ஆள்.

நவம்பர் 3, திங்கள்

வாட்டும் மாடி ஐயா ஈ.பி.எஃப். பீ கார்ட்டைக் கொண்டுவந்தார், பிளாஸ்டிக் உறையில் மடிப்புக் கிழியாமல். 1985. முகாமையாளர் பார்த்துவிட்டு உடனே கையொப்பமிட்டார். அதே காலத்தில் சேர்ந்த மற்ற இருவரின் கோப்பையும் எடுத்துப் பார்த்தோம், அவை சரி. இப்போது முப்பது வருடம் 6 பேர், நாற்பது வருடம் ஒருவர்.

அவருக்கு மூன்று நிமிடம் ஒதுக்கினேன். தலைவர் அனுப்பிய குறிப்பு: ‘நான்கு தசாப்தங்களாகத் தன்னலமற்ற சேவையாற்றிய செம்மல்.’ நான் இன்று மாடிக்குப் போய் அவர் வேலை செய்வதைப் பார்த்து எழுதியது:

“1985இல் கொழுந்து நிறுக்கும் பையனாக ஸ்டோருக்குள் வந்தார். ஆறு வருடத்தில் வாட்டும் மாடிக்கு ஏறினார். வெயில் நாளில் கொழுந்து வாடப் பன்னிரண்டு மணித்தியாலம், மழை நாளில் பதினெட்டு. எப்போது இறக்குவது என்பதை அவருடைய வலது கை சொல்லும். ஒரு பிடி கொழுந்தை இறுக்கிப் பொத்தி, விரலை விரிப்பார். உருண்டை அப்படியே நின்றால் உருளைக்குப் போகலாம். குலைந்து விரிந்தால் இன்னும் காற்று வேண்டும். இன்றிரவும் மாடியில் கொழுந்து கிடக்கிறது. அதைப் பார்க்க அவர் பழக்கிய இருவர் அங்கே இருக்கிறார்கள். அதனால் ஐயா இங்கே இருக்கிறார்.”

மூன்று தடவை வாசித்தேன். 45 செக்கனுக்கு மேல் போகவில்லை.

நவம்பர் 6, வியாழன்

நேற்றுப் போயா. இன்று ஒத்திகை. மொத்தக் கணக்கு: பத்து வருடம் 6 நிமிடம், இருபது வருடம் ஏழரை, முப்பதுக்குத் தலா ஒரு நிமிடம் 6, நாற்பதுக்கு 3. இருபத்திரண்டரை நிமிடம். மழைக்கும் கரண்ட் வெட்டுக்கும் ஏழரை நிமிடம் வைத்து அரை மணித்தியாலம் என்று அறிவித்தேன். பணிப்பாளரின் பேச்சுக்கு 7 நிமிடம் என்று நானே போய்ச் சொன்னேன். விருதுக்குப் பிறகு வேண்டுமானால் நீட்டலாம் என்றதும் ஒத்துக்கொண்டார்.

எல்லாம் ஒருவருக்கு ஒரு அட்டை, பெரிய எழுத்து, மேல் மூலையில் இலக்கம். ஒருவர் வராவிட்டால் அந்த அட்டையை அடியில் வைத்தால் போதும். நீளத் தாளாக இருந்தால் வரி தேடவேண்டி வரும், அந்தத் தேடலைத்தான் சபை பார்க்கும்.

நவம்பர் 8, சனி, இரவு 11 மணி

விருது 6.42க்குத் தொடங்கியது. இரண்டாவது குழுவில் இடி இடித்துக் கரண்ட் போனது. ஒலிவாங்கி இல்லாமல் தம்பி அடுத்த பெயரை உரக்கச் சொன்னான், வாசித்தான். ஒரு நிமிடத்தில் ஜெனரேட்டர் வந்தது. இருவர் வரவில்லை.

ஐயாவைக் கூப்பிட்டபோது என் கணக்கு தவறியது. 18 செக்கன் இல்லை, கிட்டத்தட்ட 50. வழியில் ஒவ்வொரு வரிசையிலும் யாரோ கையைப் பிடித்தார்கள். நான் வாசித்து முடித்தபோது அவர் படிக்கட்டை நெருங்கவில்லை. இன்னொரு வசனம் சொல்லி நிரப்ப வாய் வந்தது. அட்டையைக் கீழே வைத்தேன். ஸ்டோர்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். அவர் மேடையில் ஏறும்வரை அது ஓயவில்லை.

7.11க்கு முடிந்தது. எட்டு மணிக்கு முன்னமே சாப்பாடு. கலஹா வேன் 9.20க்குக் கிளம்பியது, ஒருவரும் வாசலில் நிற்கவில்லை.

வேனில் ஏறும்போது ஐயா என்னைக் கூப்பிட்டார். “எல்லாம் சரியா வாசிச்சீங்க புள்ள. ஆனா பொத்திப் பார்க்கிறது இடது கை. வலது கை காய்ச்சுப் போச்சு, கொழுந்து தெரியாது.”

போனில் அட்டையை வாசித்துக் காட்டியது உண்மை. ஆனால் கையைப் பற்றிய வரி மாடிக்குப் போன பிறகு சேர்த்தது. அதை மறுபடி வாசித்துக் காட்டவில்லை. அட்டை கம்பனிக் கோப்புக்குப் போகிறது. ‘வலது’ என்பதை வெட்டி, மேலே ‘இடது’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.