தொண்ணூற்றாறாயிரம் சொற்களுக்கு ஒரு விலை

2025 மார்ச் 3, திங்கள்

காலையில் மின்னஞ்சலில் பன்னிரண்டு கோப்புகள் வந்தன. இங்கே இரத்மலானையில், காலி வீதியில் இருக்கும் ஒரு நிறுவனம். தண்ணீர்ப் பம்புகளையும் ஜெனரேட்டர்களையும் பொருத்திப் பராமரிப்பது அவர்கள் தொழில். வடக்கிலும் கிழக்கிலும் வேலை செய்யும் தமிழ்த் தொழில்நுட்பவியலாளர்களுக்காகக் கைநூல்கள் எல்லாம் தமிழில் வேண்டுமாம். பத்துக் கோப்புகள் ஆங்கிலம், இரண்டு சிங்களம்.

மத்தியானம் முகாமையாளர் போனில் கதைத்தார். "மிஸ், பக்கத்துக்கு எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி. பிறப்புச் சான்றிதழுக்கும் உறுதிக்கும் பக்கக் கணக்கில் வாங்கிப் பழகிய ஊர் இது. ஆனால் இந்தக் கோப்புகளில் ஒரு பக்கத்தில் நானூறு சொல் இருக்கிறது, அடுத்த பக்கத்தில் ஒரு படமும் நாலு சொல்லும்தான் இருக்கிறது. மூல மொழிச் சொல்லை எண்ணித்தான் விலை தருவேன் என்றேன். தமிழை எண்ணினால் எனக்குத்தான் நட்டம். ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக நிற்பது தமிழில் வேற்றுமை உருபோடு ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். அதைவிட, வேலை முடிந்தபிறகு எண்ணும் கணக்கு இரண்டு பக்கத்துக்கும் ஆகாது. மூலத்தை எண்ணினால் முதல் நாளே தொகை தெரிந்துவிடும்.

மார்ச் 4, செவ்வாய்

வேர்ட் காட்டும் எண்ணிக்கை ஏறக்குறைய 96,000. அந்தத் தொகையை அப்படியே விலையால் பெருக்க முடியாது. பராமரிப்புக் கைநூல்களில் ஒரே எச்சரிக்கை பத்து இடத்தில் வரும். அதைப் பத்து முறை மொழிபெயர்த்ததாகக் கணக்குக் காட்டுவது நியாயமில்லை.

ஒமேகாட்டியில் கோப்புகளைப் போட்டுப் பார்த்தேன். திரும்ப வரும் வசனங்களில் 15,000 சொற்கள்தான் என்று காட்டியது. கைநூலை ஒருமுறை புரட்டினாலே அது குறைவு என்று தெரியும். தேடினால் காரணம் கோப்புகளில் இருந்தது. மூன்று கோப்புகள் பிடிஎஃபிலிருந்து மாற்றியவை. ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு பந்தி முடிவு விழுந்திருக்கிறது. ஒரே வசனம் ஒரு பக்கத்தில் ஐந்தாம் சொல்லோடும் இன்னொரு பக்கத்தில் எட்டாம் சொல்லோடும் உடைவதால், மென்பொருள் இரண்டையும் வேறு வேறு வசனமாகவே எண்ணுகிறது.

சிங்களக் கோப்புகளின் கோளாறு இன்னும் ஆழமானது. அவை யுனிகோட் இல்லை, எஃப்எம் அபயா எழுத்துருவில் அடித்தவை. அதில் 'க' என்ற சிங்கள எழுத்தைத் தட்டுவது முற்றுப்புள்ளி விசையில். 'உடன்' என்று பொருள்படும் 'சமக' என்ற சொல் கோப்புக்குள்ளே `iu.` என்றுதான் இருக்கும். அடிக்கடி வரும் சொல் அது. வரும் இடமெல்லாம் வசனம் முடிந்துவிட்டதென்று மென்பொருள் வெட்டிவிடுகிறது. யுனிகோடுக்கு மாற்றாமல் அந்த இரண்டு கோப்புகளிலும் எந்த எண்ணையும் நம்பக்கூடாது.

மார்ச் 6, வியாழன்

இரண்டு நாளும் துப்புரவுதான். வரி முடிவுகளை ஒட்டவைத்தேன், சிங்களத்தை யுனிகோடாக்கினேன். இப்போது மொத்தம் மாறவில்லை, ஆனால் திரும்ப வருவது 28,000 சொல், புதியது 68,000. செவ்வாய்க்கிழமைக் கணக்கில் விலை கொடுத்திருந்தால் அந்த நிறுவனம் 13,000 சொல்லுக்கு அநியாயமாக முழு விலை கட்டியிருக்கும்.

முகாமையாளரிடம் சொன்னேன். அப்படியென்றால் அந்த 28,000உம் இலவசம்தானே என்றார். இல்லை. தலைப்பாக வரும்போது 'வடிகட்டியை மாற்றுதல்', செய்முறைப் படியாக வரும்போது 'வடிகட்டியை மாற்றவும்'. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுபோலவே கிடக்கும். ஒவ்வொரு இடத்தையும் ஒருவர் கண்ணால் பார்த்தாக வேண்டும். அந்தப் பார்வைக்குக் கால்பங்கு கேட்கிறேன். புதிய சொல்லுக்கு 8 ரூபா, திரும்ப வருவதற்கு 2 ரூபா. அப்படியானால் மொழிபெயர்ப்புக்கு மட்டும் 600,000 ரூபா.

மார்ச் 8, சனி

கொட்டாஞ்சேனைக்குப் போய்ப் பக்க அமைப்புச் செய்யும் தம்பியைப் பார்த்தேன். மொத்தம் 380 பக்கம். வெறும் பந்திகள் உள்ள 240 பக்கத்துக்குத் தனியாக எதுவும் கேட்கத் தேவையில்லை. மிச்சம் 140 பக்கத்தில் அட்டவணைகளும் வரைபடங்களும் இருக்கின்றன. வரைபடத்தில் உள்ள பெயர்கள் படத்துக்குள்ளேயே இருப்பதால் எந்தச் சொல் கணக்கிலும் அவை ஏறவில்லை. அவற்றை அழித்துத் தமிழில் திரும்ப எழுத வேண்டும்.

"அக்கா, கண் மதிப்பிலே சொல்லாதீங்க, பத்துப் பக்கம் செய்து பார்ப்போம்" என்றான். நான் மொழிபெயர்த்துக் கொடுக்க அவன் அமைத்தான். ஐந்து மணித்தியாலம் பிடித்தது. நேரத்தைத் தின்றது படமில்லை, அட்டவணைதான். சொல் எண்ணிக்கையில் குறைந்தாலும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் நீளம். ஒடுங்கிய பெட்டியில் அது உடைந்து கீழே இறங்கும், வரிசை உயரும், அடுத்த அட்டவணை மறுபக்கத்துக்குத் தள்ளப்படும். பக்கத்துக்கு அரை மணித்தியாலம் என்றால் 140 பக்கத்துக்கு 70 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 1,200 ரூபா வீதம் 84,000.

மார்ச் 10, திங்கள்

இன்றுதான் தவணை சொன்னார்கள். 17ஆம் திகதி தொடங்கி ஏப்ரல் 4க்குள் வேண்டுமாம். புத்தாண்டுக்கு அச்சகம் மூடுமுன் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். 31ஆம் திகதி நோன்புப் பெருநாள். மிஞ்சுவது பதினான்கு வேலை நாள்.

ஒருவர் ஒரு நாளைக்கு 2,000 புதிய சொல் செய்யலாம். அதற்கு மேல் போனால் தரம் சரியும். முதல் இரண்டு நாள் கலைச்சொற்களுக்கு, கடைசி மூன்று நாள் சரிபார்ப்புக்கு. இடையில் ஒன்பது நாள். ஆளுக்கு 18,000. அதாவது நாலு பேர் வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் விலையில் தடுக்கி விழுகிறார்கள். திரும்ப வரும் சொற்களுக்கு ஒரு வரி, அவசரத்துக்கு ஒரு வரி என்று தனித்தனியாகப் போட்டுக் கூட்டுவார்கள். ஆனால் அவசரம் வந்தால் அந்தத் தள்ளுபடியே கரைகிறது. ஒவ்வொரு கோப்பையும் தனியாகப் போட்டு எண்ணினேன். 28,000இல் 17,000தான் அந்தந்தக் கோப்புக்குள்ளேயே திரும்ப வருவது. 11,000 கோப்புக்குக் கோப்பு திரும்ப வருவது. நாலு பேர் நாலு வீட்டில் இருந்து செய்தால், அந்த 11,000ஐ ஒவ்வொருவரும் புதிதாகவே செய்வார்கள். ஒரே எச்சரிக்கை நாலு விதமாகவும் வரும்.

மார்ச் 12, புதன்

ஒரு பகுதியையாவது காப்பாற்ற வழி இருக்கிறது. பாதுகாப்பு அத்தியாயம் எல்லாக் கைநூல்களிலும் வருகிறது. அதை முதல் இரண்டு நாளில் ஒருவரே முடித்து, அந்த நினைவகக் கோப்பை மற்ற மூவரின் `tm/auto` அடைவில் போட்டுவிட்டால், முழுக்க ஒத்த வசனங்கள் தானாக நிரம்பும். அப்படி 7,000 சொல் தப்பும். மிச்சம் 4,000ஐப் புதியதாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆகவே கொட்டேஷனில் இரண்டு விலை வைத்தேன்.

ஏப்ரல் 30க்கு என்றால் இரண்டு பேர் போதும். மொழிபெயர்ப்பு 600,000, பக்க அமைப்பு 84,000, மொத்தம் 684,000 ரூபா.

ஏப்ரல் 4க்கு என்றால் புதிய சொல் 72,000, திரும்ப வருவது 24,000. மொழிபெயர்ப்பு 624,000. அவசர வேலை என்பதால் புதிய சொற்களின் தொகைக்கு மட்டும் கால்பங்கு கூட, அது 144,000. பக்க அமைப்பு அதே 84,000. மொத்தம் 852,000 ரூபா.

கீழே இரண்டு நிபந்தனைகள். இந்த விலை என்னிடம் இப்போது இருக்கும் கோப்புகளுக்கு மட்டும். தொடங்கியபின் மூலத்தில் மாற்றம் வந்தால் மாறிய வசனங்களைத் தனியாக எண்ணிக் கணக்கிடுவேன். எண்ணிய முறையையும் கோப்பு வாரியான பட்டியலையும் கூடவே இணைத்தேன். தொகையைப் பார்ப்பவர் அது எங்கிருந்து வந்தது என்று தானே கூட்டிப் பார்க்க முடிய வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

நேற்றுப் போயா விடுமுறை. இன்று பதில் வந்தது. 168,000 ரூபா வித்தியாசத்தைப் பார்த்தபின் அச்சகத்தோடு கதைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு அத்தியாயத்தை மட்டும் முதலில் தனிப் பிரசுரமாக ஏப்ரல் 4க்குக் கேட்கிறார்கள், மிச்சம் ஏப்ரல் 30க்கு. அந்த அத்தியாயம் எப்படியும் முதலில் முடிய வேண்டியதுதான். விலை 684,000. கலைச்சொல் பட்டியலோடு திங்கட்கிழமை தொடங்குகிறோம்.