‘ஏன் இவ்வளவு கம்மி விலை?’ - சுங்கத்துறை கேட்டால் என்ன பதில் சொல்வது?

கடையநல்லூரில் மரக்கடை வைத்திருக்கும் என் மாமாவுக்கு, தூத்துக்குடியில் இறங்கிய தேக்குத் தடிகள் பற்றி சுங்கத்துறையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. ‘கன மீட்டர் 320 டாலர் என்று காட்டியிருக்கிறீர்கள். அதே நாட்டுத் தேக்கு 410 டாலருக்கு வந்திருக்கிறதே?’

“குடுத்த விலையத்தானே போட்டிருக்கேன். இதுல என்ன மாப்ள விளக்கம் சொல்ல?” என்றார் மாமா.

2007-ம் ஆண்டு சுங்க மதிப்பீட்டு விதிகளும் கொடுத்த விலையைத்தான் முதலில் பார்க்கச் சொல்கின்றன. ஆனால் 12-வது விதிப்படி, சந்தேகம் வந்தால் அதிகாரி ஆதாரம் கேட்கலாம். சந்தேகம் தீராவிட்டால், அதே மாதிரி சரக்கின் விலைக்கு வரி போடலாம். சந்தேகத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கும் உரிமை நமக்கும் உண்டு. கேட்டோம். அவர்கள் ஒப்பிட்டது 90 சென்டிமீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள தடிகளை.

மாமாவின் இன்வாய்ஸில் ‘தேக்குத் தடி’ என்று மட்டுமே இருந்தது. ஒப்பந்தத்தில்தான் ‘சராசரி சுற்றளவு 60 முதல் 69 சென்டிமீட்டர்’ என்று இருந்தது. மெலிந்த தடியில் பலகை குறைவாகத்தான் தேறும். அதனால் விலையும் குறைவு.

இதையே ஒரு பக்கத்தில் எழுதினோம். ஒப்பந்த எண் இன்வாய்ஸில் இருப்பதையும், தடிகளின் அளவுப் பட்டியல் ஒப்பந்தத்தோடு பொருந்துவதையும், வங்கி வழியே போன தொகை இன்வாய்ஸ் தொகையே என்பதையும் காட்டினோம். விலை ஏற்கப்பட்டது.

2000-ல் ஐஷர் டிராக்டர்ஸ் வழக்கில், பழைய ஸ்டாக் பேரிங்குகளுக்குக் கிடைத்த 77 சதவிகிதத் தள்ளுபடியையே உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. அங்கும் குறைவுக்குக் காரணம் இருந்தது. சுற்றளவும் ஒன்றாக இருந்து விலை மட்டும் குறைந்திருந்தால், எங்கள் ஒப்பந்தம் மட்டும் போதியிருக்காது.

இப்போதெல்லாம் மாமா, இன்வாய்ஸிலேயே சுற்றளவை எழுதச் சொல்லிவிடுகிறார்.