அலை எத்தனை நாள் நிற்கும்?

மயிலாப்பூர் சூஃபிதார் ஆலயத்தின் தொண்டர்கள் ரமளான் மாதம் முழுவதும் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலுக்கு நோன்பு திறக்கும் உணவைக் கொண்டுவந்து, தாமே பரிமாறுகின்றனர். பிரிவினைக்குப் பின் சிந்துவிலிருந்து வந்தவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன் தொடங்கிய பணி இது. இதனை நாங்கள் நான்கு நிமிடக் காணொளியாகப் பதிவேற்றினோம். நாளொன்றுக்கு ஐந்நூறு பார்வைகளுக்குப் பழகிய எங்கள் அலைவரிசைக்கு மூன்றாம் நாளில் 40,000 பார்வைகள் வந்தன. மகிழ்ச்சியைவிடக் கலக்கமே மிகுதி. வந்தவர்கள் கலைவதற்குள் அடுத்ததைத் தர வேண்டுமே!

கையில் இரண்டு வாய்ப்புகள் இருந்தன. ஒன்று, பணியின் வரலாற்றைப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வது. அதற்குப் பத்து நாளாகும். மற்றொன்று, மயிலாப்பூர்ச் சமையற்கூடத்தில் முன்பே எடுத்து வைத்திருந்த காட்சிகளைத் தொகுப்பது. இரண்டு நாள் போதும். எது என்பதை அலையின் ஆயுள்தான் முடிவு செய்ய வேண்டும்.

உச்சத்திற்கு மறுநாள் 24,000; அதற்கடுத்த நாள் 14,400. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் 0.6 பங்கு. அதே விகிதம் நீடித்தால் இரண்டு நாளில் ஏறத்தாழ 5,200. ஆறாம் நாளில் 670, அதாவது எங்கள் வழக்கமான நிலை. இனி வரவிருக்கும் மொத்தத்தையும் காணலாம்: 14,400-ஐ 0.6-ஆல் பெருக்கி 0.4-ஆல் வகுத்தால் 21,600. ஆக, பத்து நாள் வேலை அலைக்குப் பின்னரே கரை சேரும். சமையற்கூடமே தேர்வாயிற்று.

கருத்துகளிலும் அதே வினாக்களே திரும்பத் திரும்ப வந்தன: இது சைவ உணவா? எங்கே சமைக்கிறார்கள்? ஆம், சைவமே, மயிலாப்பூரில் சமைத்து வண்டியில் கொண்டுவருகின்றனர். இதனைக் காட்டும் புதிய காணொளியை முதற்காணொளியின் இறுதித் திரையிலும், மேலே பொருத்திய கருத்திலும் இணைத்தோம். பார்க்க வருபவர் அங்கேதான் இருக்கிறார். தனியே அறிவித்தால் அவரை எட்டாது.

இக்கணக்கு பிழைக்கும் இடங்களும் உண்டு. ரமளானில் நோன்பு திறந்த பின்பும், தராவீஹுக்குப் பின்பும், சஹர் நேரத்திலும் பார்வைகள் எழுந்து தாழும். எனவே ஒரு மணி நேரத்தை அதற்கு முந்தைய மணியுடன் ஒப்பிடலாகாது. நேற்றைய அதே மணியுடனே ஒப்பிட வேண்டும். நேற்றைவிடக் கூடினால் யாரோ பெரிய பக்கத்தில் பகிர்ந்திருக்கிறார்கள். கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும். வந்த வழியையும் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் பகிர்வுகளைக் காட்டும் `External` விரைவில் வற்றும். `YouTube search` வழியாக வருவோர் சிறு எண்ணிக்கையினரே. ஆனால் அவர்கள் மெல்லத்தான் குறைவர். அலை ஓய்ந்தபின் எஞ்சுவது அந்த அடிமட்டமே. அதற்கு 0.6 பொருந்தாது.

பெருநாளுக்குப் பின் அந்தத் தேடலும் தணியும். அடுத்த ரமளான் நெருங்குகையில் மீண்டும் எழும். பெரியவர்களின் பேட்டியை அதற்கெனவே வைத்திருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், ஷஃபான் பிற்பகுதியில் அது வெளிவரும்.