இன்-ட்ரேயில் பன்னிரண்டு கடிதங்கள்

யூனி முடிக்கிற வயதில் இருக்கிற உங்களில் பலருக்கு 'அசெஸ்மென்ட் சென்டருக்கு வாருங்கள்' என்று ஒரு மின்னஞ்சல் வரும். சென்டர் என்றதும் ஏதோ கட்டிடம் என்று அம்மாமார் நினைப்பார்கள். அது ஒரு நாள் முழுக்க நடக்கிற பரீட்சை. நாளைக்கு ஒரு குழுவை நடத்தக்கூடியவர் யார் என்று, சின்னச் சின்ன வேலைகளைச் செய்யவைத்துப் பார்ப்பார்கள். சட்டனில் இருந்து ரயிலேறி நானும் சிலவற்றுக்குப் போயிருக்கிறேன். பிறகு பயிற்சி எடுத்து, மேசைக்கு மற்றப் பக்கம் மதிப்பிடுபவனாகவும் இருந்திருக்கிறேன்.

இதன் வேர் பிரித்தானிய இராணுவத்தில் இருக்கிறது. 1942இல் அதிகாரிகளைத் தெரிவுசெய்ய, சிறிய நேர்காணலை விட்டுவிட்டு, சில நாட்கள் ஒன்றாகத் தங்கவைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். தலைவர் இல்லாத ஒரு குழுவுக்கு வேலை கொடுத்து, யார் என்ன செய்கிறார் என்று கவனிக்கிற யோசனை வில்ஃப்ரெட் பியோன் என்ற மனநல வைத்தியருடையது. இந்திய இராணுவத் தேர்வு வாரியங்கள் இன்றைக்கும் அந்த வழியில்தான் ஆள் எடுக்கின்றன. 1956இல் அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசிக் கம்பனி இதை மேலாளர்களுக்குக் கொண்டுவந்தது. இன்-ட்ரேயும் அங்கே இருந்தது.

இன்-ட்ரே எப்படி இருக்கும்? நான் ஒன்றைச் சொல்கிறேன், இது நானே கட்டியது. நீங்கள் ஒரு கிளையின் புது மேலாளர். மேசையில் 12 கடிதங்கள், 60 நிமிடம். இரண்டாவது கடிதத்தில் ஒருவர் வியாழக்கிழமை லீவு கேட்கிறார், தகப்பனுக்கு ஆஸ்பத்திரி. ஐந்தாவதில் உங்கள் மேலதிகாரி, வியாழன் காலைக் கூட்டத்துக்கு விற்பனைக் கணக்கு வேண்டும் என்கிறார். பதினோராவது வெறும் வேலை அட்டவணை. அதைப் பார்த்தால்தான் தெரியும், அந்தக் கணக்கைத் தயாரிக்கிறவரும் லீவு கேட்டவரும் ஒரே ஆள்.

முதலாவதில் இருந்து வரிசையாகப் பதில் எழுதுகிறவர், லீவைக் கொடுத்துவிட்டு, ஐந்தாவதுக்கு 'கணக்கு வியாழன் வரும்' என்று எழுதிவிடுவார். இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்தால் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். எனவே முதல் பத்து நிமிடம் பேனையைத் தொடாமல் எல்லாவற்றையும் வாசியுங்கள். பிறகு லீவைக் கொடுங்கள், புதன் மாலைக்குள் கணக்கை இன்னொருவரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள், அந்த இன்னொருவருக்கும் ஒரு வரி எழுதுங்கள், ஏன் என்றும் எழுதுங்கள். காரணம் தாளில் இல்லாவிட்டால் எங்களால் ஊகித்துப் புள்ளி போட முடியாது. எல்லாவற்றையும் அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு, எப்போது திரும்பிக் கேட்பேன் என்று எழுதாமல் விடுகிறவர்களும் நிறைய.

குழுக் கலந்துரையாடல்தான் எங்கள் பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்று நான் நினைக்கிறேன். பெரியாக்கள் கதைக்கும்போது குறுக்கே கதைக்காதே என்று வளர்ந்தவர்கள் நாங்கள். மதிப்பிடுபவர் அங்கே நல்லவர், கெட்டவர் என்று தீர்ப்பு எழுதுவதில்லை. யார் எத்தனை மணிக்கு என்ன சொன்னார் என்று சொன்னபடியே எழுதுகிறார். பிறகுதான் அந்த வரிகளைத் தகுதிவாரியாகப் பிரித்து, 1 முதல் 5 வரை புள்ளி போடுவார். வரி இல்லாவிட்டால் புள்ளியும் இல்லை.

ஒருமுறை ஆறு பேர், நாலு திட்டங்கள், 40 நிமிடம். காசு இரண்டு திட்டங்களுக்குத்தான் காணும். எல்லோரும் மலிவான இரண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கவனித்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, அந்த இரண்டுக்கும் ஒரே மண்டபம் தேவை, ஒரே நேரத்தில் நடத்த முடியாது என்பதைக் கண்டுபிடித்தாள். மெல்லிய குரலில் ஒருமுறை சொன்னாள். யாரும் திரும்பவில்லை. ஏழு நிமிடம் கழித்து ஒரு பெடியன் அதையே உரக்கச் சொன்னான், குழு முழுக்கத் திரும்பியது. அவள் தலையாட்டினாள்.

மாலையில் மதிப்பிட்டவர்கள் எல்லோரும் கூடி, எழுதியதை வாசித்து ஒப்பிடுவோம். அவள்தான் முதலில் சொன்னாள் என்று என் தாளில் நேரத்தோடு இருந்தது, வாசித்தேன். சிக்கலை ஆராய்தலில் அவளுக்கு 4 கிடைத்தது, இன்-ட்ரேயிலும் அதே 4. ஆனால் மற்றவர்களை இணங்கவைத்தல் என்று வேறொரு தகுதியும் இருந்தது, அதற்குக் குறைந்தது 3 வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு வரியும் ஒரு தலையாட்டலும். 2தான் போட முடிந்தது. நான் கொஞ்சம் வாதாடிப் பார்த்தேன், விதி விதிதான்.

'நான் முதலே சொன்ன மண்டபப் பிரச்சினை இதுதான், அப்படியானால் மூன்றாவது திட்டத்தைப் பார்ப்போமா?' என்று அவள் அந்த இடத்தில் கேட்டிருந்தால் போதும். அது குறுக்கே கதைப்பதும் இல்லை, பெருமையடிப்பதும் இல்லை.

முடிவைச் சொல்ல போன் எடுத்தது நான்தான். என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். "அண்ணா, நான் சொன்னது பிழையா?" என்று கேட்டாள். சரி என்றேன். எத்தனை மணிக்குச் சொன்னாள் என்பதையும் தாளைப் பார்த்து வாசித்துக் காட்டினேன்.