எட்டு மணி பிராட்டா, பத்து மணி பிராட்டா

சுவா சூ காங் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி, லாட் ஒன் கடைத்தொகுதியைத் தாண்டி நடந்தால் வீவக அடுக்குமாடிகளுக்குக் கீழே ஒரு காப்பிக் கடை. அதன் மூலையில் பிராட்டாக் கடை. பெயர் வேண்டாம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

“கோசோங் ரெண்டு, தம்பி.”

“மீன் கறியா, பருப்பாக்கா?”

“ரெண்டையும் கொஞ்சம் ஊத்துங்க.”

எண்ணெயில் ஊறிக் கிடந்த மாவு உருண்டையை எடுத்து, வீசி வீசிக் கண்ணாடியாக விரித்தார். மடித்துக் கல்லில் போட்டார். வெந்ததும் இரு கைகளாலும் பக்கவாட்டில் தட்டினார். அந்தத் தட்டலில்தான் அடுக்குகள் விலகும். மேலே மொறுமொறுப்பு, பிய்த்தால் உள்ளே ஆவி. மீன் கறியில் புளி சற்று முந்தியது. எனக்கு அது பிடிக்கும். ஒன்றரை வெள்ளிக்கு இதைவிட நல்ல பிராட்டா இந்தப் பக்கத்தில் நான் சாப்பிட்டதில்லை.

பத்து மணிக்குள் வரிசை காப்பிக் கடையின் வாசலைத் தொட்டுவிட்டது. மறுபடியும் கோசோங் வாங்கினேன். இப்போது மாவு வீசவில்லை. கல்லின் ஓரத்தில் அரைவேக்காட்டில் அடுக்கியிருந்ததில் ஒன்றைச் சூடாக்கித் தந்தார். நிறம் அதேதான். பிய்த்தபோது ஆவி இல்லை, அடுக்கும் இல்லை. ரப்பர் மாதிரி இழுபட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உள்ளிருக்கும் ஆவி வெளியேற வழியில்லாமல் மாவிலேயே திரும்ப இறங்கி, மடிப்புகளை ஒட்டவைத்துவிடுகிறது. மீன் கறியும் அடுப்பிலேயே இருந்து சுண்டி, உப்புத் தூக்கலாகியிருந்தது.

கைப்பக்குவத்தைக் குறை சொல்ல மாட்டேன். எட்டு மணிக்கு வீசிய அதே கைதான். ஒரே கல், ஒரே ஆள், அவ்வளவு பெரிய வரிசை; முன்கூட்டியே அரைவேக்காடாகப் போட்டு வைக்காமல் யாராலும் சமாளிக்க முடியாது. ஆனால் அதைக் குவித்து வைக்காமல் கம்பித் தட்டில் தனித்தனியாகப் பரப்பி வைக்கலாம். அது கடை நடத்துகிறவர் யோசிக்கவேண்டிய விஷயம். மேசையில் யாரோ விட்டுப்போன தட்டுகளுக்காகவும் நான் மதிப்பெண் குறைக்கவில்லை. காப்பிக் கடைகளிலும் தட்டைத் திருப்பி வைக்கவேண்டும் என்ற விதி 2022 முதல் கண்டிப்பாக நடப்பில் இருக்கிறது. அது சாப்பிட்டுப் போனவர் செய்யவேண்டிய வேலை.

சந்தேகம் தீர முட்டை வெங்காயப் பிராட்டாவும் சொல்லிப் பார்த்தேன். கால் மணி நேரம் ஆனது. பக்கத்து மேசைக்காரர் இரண்டு முறை எழுந்துபோய்க் கேட்டுவிட்டு வந்தார். வந்தபோது நன்றாகவே இருந்தது. முட்டையை மடிப்புக்குள் ஊற்றவேண்டியிருப்பதால் அதைப் பச்சை மாவில்தான் தொடங்கியாகவேண்டும், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும்.

ஆக, ஒன்பது மணிக்குமுன் போனால் தயங்காமல் கோசோங். பிந்திப் போனால் முட்டை வெங்காயம், அதோடு பருப்புக் கறி. மீன் கறி வேண்டாம்.