கீழே அரிப்பு என்றால் போதாது

காசிமேட்டில் மீன் வெட்டும் அக்கா ஒருவருக்காக மருத்துவருக்கு வாட்ஸ்அப் செய்தி எழுதிக் கொடுத்தேன். “ரொம்ப நாளா கீழே அரிக்குதுன்னு எழுது, போதும்” என்றார். அதை வைத்து எந்த மருத்துவராலும் ஒரு முடிவுக்கு வர முடியாது.

எப்போதிருந்து என்று கேட்டால் தேதி தெரியாது. ஆனால் தடைக்காலம் தெரியும். “போட்டெல்லாம் கடலுக்குப் போன அடுத்த வாரம்” என்றார். விசைப்படகுத் தடை ஜூன் 14-இல் முடிகிறது. ஆக, ஜூன் நான்காவது வாரம். அதற்குச் சில நாள் முன்புதான் பல்வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறார். இதைச் சொல்லியே ஆகவேண்டும். நல்ல கிருமிகளையும் அந்த மாத்திரை குறைத்துவிடுவதால், பூஞ்சை பெருக வழி கிடைக்கும்.

வாடைதான் சிக்கலாக இருந்தது. மீன் வாடை அடித்தால் அது வேறொரு கிருமித்தொற்றின் அடையாளம். நாள் முழுக்க மீனோடு இருப்பவருக்கு அது எங்கிருந்து வருகிறதென்று எப்படித் தெரியும்? வேலைக்குப் போகாத நாளில், குளித்த பிறகும் இருக்கிறதா என்று கேட்டேன். யோசித்து, இல்லை என்றார்.

கடைசியில் இப்படி எழுதினோம்:

“வயது 43. ஆறு வாரமாகப் பெண்ணுறுப்பில் அரிப்பு. தயிர்த் திப்பி போல வெள்ளைப்படுகிறது, வாடை இல்லை. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் அதிகம், வந்ததும் குறைகிறது. ஐஸ் தண்ணீரில் நனைந்த துணியோடு நின்றால் இரவில் தூங்க முடியவில்லை. சிறுநீர் போகும்போது வெளியே எரிகிறது. புண், காய்ச்சல், அடிவயிற்று வலி இல்லை. ஆரம்பிப்பதற்கு முன் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். மெடிக்கலில் வாங்கிய களிம்பு போட்டேன். நான்கு நாள் அடங்கி, திரும்ப வந்தது. டெட்டால் ஊற்றிக் கழுவுகிறேன். கர்ப்பம் இல்லை. சர்க்கரை பார்த்ததே இல்லை. களிம்பை நிறுத்தலாமா? சர்க்கரை டெஸ்ட் எடுக்கணுமா? என் கணவருக்கும் மருந்து வேண்டுமா? நேரில் வந்து பரிசோதித்துக்கொள்ளணுமா?”

அனுப்பும் முன் களிம்பின் பெயரையும் டியூபைப் பார்த்து அப்படியே சேர்த்தேன். கடையில் தரும் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. அது அரிப்பை அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது; தோலும் மெலிந்துபோகும். டெட்டாலைப் பற்றி எழுத அக்காவுக்கு மனமில்லை, சுத்தமாக இருப்பதைப் போய்ச் சொல்வானேன் என்றார். அந்த எரிச்சலுக்கு அதுவும் காரணமாகலாம் என்பதால் விடவில்லை.

கணவரைப் பற்றிய கேள்விதான் அவருக்கு மிகவும் கூச்சம். ஆனால் எந்தத் தொற்று என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். சிலவற்றில் இருவரும் சேர்ந்து மருந்து எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும். படம் எதுவும் அனுப்பவில்லை. மருத்துவர் கேட்காமல் அனுப்பத் தேவையில்லை.

காய்ச்சலோ, அடிவயிற்று வலியோ, புண்ணோ, மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தமோ இருந்தால், கர்ப்பமாக இருந்தால், செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கோ ஸ்டான்லிக்கோ அன்றைக்கே போய்விடுங்கள்.